கைப்பிடியைப் பார்த்துக் கோப்பையை எடு

சனிக்கிழமை காலை, அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருக்கும்போது அக்கா மகன் போனை நீட்டினான். "மாமா, இது கப் அண்ட் ஹேண்டில்தானே? திங்கட்கிழமை வாங்கிடலாமா?"

அவன் காட்டியது ஒரு நடுத்தர நிறுவனத்தின் வாராந்திர சார்ட். பங்கின் பெயர் இங்கே வேண்டாம். விலைகளையும் மனதில் நிற்கும்படி முழு எண்களாகச் சொல்கிறேன். 280 ரூபாயிலிருந்து 400 வரை ஏறி, அங்கிருந்து இறங்கி, 304-இல் தரைதட்டி, மெல்ல 392 வரை திரும்பி வந்திருந்தது. கடந்த இரண்டு வாரமாகச் சற்றுக் கீழே சாய்ந்து, வெள்ளிக்கிழமை 371-இல் முடிந்திருந்தது.

வடிவம் கோப்பை மாதிரிதான் இருந்தது. ஆனால் மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போகும் எந்தக் கோடும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கோப்பையாகத்தான் தெரியும். அதனால் அளந்துவிட்டுப் பேசுவோம் என்றேன். ஆளுக்கொரு டம்ளர் டீயுடன் உட்கார்ந்தோம்.

இந்த வடிவத்துக்குப் பெயர் வைத்து, அளவுகளோடு பரப்பியவர் அமெரிக்கப் பங்குத் தரகர் வில்லியம் ஓ'நீல். 1988-இல் வந்த அவருடைய புத்தகத்திலிருந்துதான் இன்று எல்லோரும் சொல்லும் எண்கள் புறப்பட்டன. பழைய அமெரிக்கப் பங்குகளின் சார்ட்டுகளைப் பார்த்து அவர் எடுத்த எண்கள் அவை. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யார் வாங்கி, யார் மாட்டிக்கொண்டு, யார் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

முதலில், கோப்பைக்கு முன்னால் ஏற்றம் இருந்ததா? ஓ'நீல் குறைந்தது 30 சதவீதம் கேட்பார். இங்கே 280-லிருந்து 400, ஏறத்தாழ 43 சதவீதம். பல மாதமாக இறங்கிக்கொண்டே வந்த பங்கின் அடியில் ஒரு கோப்பை தெரிந்தால் அது வேறு கதை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை, தேறிவிட்டது.

அடுத்து ஆழம். 400-லிருந்து 304 என்றால் 24 சதவீத இறக்கம். வழக்கமான கோப்பையின் ஆழம் 12 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். "33-ல என்ன மந்திரம் மாமா?" என்று கேட்டான். மந்திரமில்லை, கூட்டல் கழித்தல்தான். 24 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வர சுமார் 32 சதவீதம் ஏறினால் போதும். 33 சதவீதம் விழுந்தது 50 சதவீதம் ஏற வேண்டும். பாதியாகிப் போனது இரண்டு மடங்காக வேண்டும்.

அந்தக் கணக்கைவிட அதற்குள் இருக்கும் மனிதர்கள்தான் முக்கியம். 390, 395 என்று உச்சியில் வாங்கியவர் பங்கு 304-க்கு வந்ததும் தூக்கமிழந்திருப்பார். "போட்ட பணம் வந்தா போதும், வெளியே வந்துடறேன்" என்பதே அவர் வேண்டுதல். பங்கு பழைய உச்சிக்குப் பக்கத்தில் திரும்பி வரும்போது இவர்கள் விற்பார்கள். பள்ளம் பாதிக்குப் பாதி என்றால் அப்படிக் காத்திருப்பவர்கள் வழிநெடுக அடுக்கடுக்காக இருப்பார்கள். அதோடு, அடியில் வாங்கியவர்களின் பணமும் இரண்டு மடங்காகியிருக்கும். லாபத்தை எடுக்க அவர்களும் அதே இடத்தில் விற்பார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வதால்தான் ஆழமான கோப்பைகள் உச்சியைத் தாண்டிய கையோடு சரிந்துவிடுகின்றன.

ஆழத்தைத் தனியாகப் பார்க்கவும் கூடாது. அதே வாரங்களில் நிஃப்டி எவ்வளவு விழுந்தது என்று பார்க்கச் சொன்னேன். தேடிப் பார்த்து 11 சதவீதம் என்றான். சந்தையைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை விழுவது நல்ல பங்குக்கும் இயல்பு. இது 2.2 மடங்கு, ஏற்கலாம். சந்தையே பலமாக அடிவாங்கிய காலத்தில் 40 சதவீத ஆழத்தைக்கூட மன்னிக்கலாம். சந்தை அசையாமல் இருக்கும்போது ஒரு பங்கு மட்டும் 30 சதவீதம் விழுந்திருந்தால், அந்த நிறுவனத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் காலாண்டு முடிவுகளைப் படிப்பதுதான் அப்போது வேலை.

மூன்றாவது காலம். இடது விளிம்பான 400-லிருந்து இறங்கத் தொடங்கிய வாரத்தை முதல் வாரமாக வைத்து எண்ணினோம். இறங்க 7 வாரம், அடியில் 5 வாரம், ஏற 6 வாரம், கைப்பிடியில் இதுவரை 2. மொத்தம் 20. ஓ'நீலின் கணக்கில் கோப்பை 7 வாரத்திலிருந்து 65 வாரம் வரை போகலாம். பெரும்பாலானவை மூன்று முதல் ஆறு மாதத்தில் அமைகின்றன.

காலம் ஏன் வேண்டும்? மாட்டிக்கொண்டவர்கள் ஒரே நாளில் விற்றுவிடுவதில்லை. ஒரு மாதம் பொறுப்பார்கள், ஒரு காலாண்டு முடிவு வரட்டும் என்பார்கள், பிறகு அலுத்துப்போய் விடுவார்கள். அடியில் அந்த 5 வாரமும் பங்கு 304-க்கும் 318-க்கும் இடையில் அசைவில்லாமல் கிடந்தது, வால்யூமும் வற்றியிருந்தது. விற்க வேண்டியவர்கள் விற்று முடித்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். மூன்று வாரத்தில் விழுந்து மூன்றே வாரத்தில் எழுந்து வந்தால் V மாதிரி கூரான அடி கிடைக்கும். அதிலும் சில ஏறத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே யாரும் அலுத்து வெளியேறியிருக்க மாட்டார்கள். எல்லோரும் உச்சிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள். 15 நிமிட சார்ட்டில் தெரியும் கோப்பைக்கு இந்த அளவுகளைப் பொருத்துவதும் இதே காரணத்தால் தவறு. அலுத்துப்போக அங்கே யாருக்கும் நேரமே கிடைத்திருக்காது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போனஸ், ஸ்ப்ளிட் நடந்த பங்கில் சார்ட் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அளக்கவே கூடாது. திருத்தாத சார்ட்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த நாள், விலை பாதியாக விழுந்த மாதிரி தெரியும். இல்லாத பள்ளத்தை நாம் உட்கார்ந்து அளந்துகொண்டிருப்போம்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இப்போதுதான் கைப்பிடிக்கு வந்தோம். எனக்குப் பாதிக்கு மேல் கணக்கு இங்கேதான்.

கைப்பிடி என்பது 392-இல் நடந்த கடைசி விற்பனை. "போட்ட பணம் வந்தா போதும்" கூட்டம் அங்கே விற்றது, அதனால் விலை சாய்ந்தது. நாம் கேட்க வேண்டியது, அந்த விற்பனை எவ்வளவு பலமாக இருந்தது, தீர்ந்துவிட்டதா என்பதைத்தான். 392-லிருந்து 364 வரை இறங்கியிருக்கிறது, 7 சதவீதம். சாதாரணக் காலத்தில் 8 முதல் 12 சதவீதத்துக்குள் முடிவது நல்ல கைப்பிடி. அடுத்து உயரம். கோப்பையின் நடுப்புள்ளி 400-க்கும் 304-க்கும் நடுவே, 352. கைப்பிடியின் நடுப்புள்ளி 392-க்கும் 364-க்கும் நடுவே, 378. கைப்பிடி மேல்பாதியில் இருக்கிறது. பங்கு 350 வரை மட்டும் ஏறி அங்கேயே கைப்பிடி போட்டிருந்தால், 350-க்கும் 400-க்கும் இடையில் மாட்டியவர்களை அது இன்னும் சந்திக்கவே இல்லை என்று பொருள்.

பிறகு வால்யூம். இந்தப் பங்கின் வாரச் சராசரி 10 லட்சம். போன வாரம் கைமாறியது 5.5 லட்சம். விலை குறைந்தும் விற்க ஆள் வரவில்லை. நான் பார்க்க விரும்புவது இதைத்தான். இதே 7 சதவீத இறக்கம் 18 லட்சம் வால்யூமில் நடந்திருந்தால், பெரிய கை ஒன்று வெளியேறுகிறது என்று நினைத்து விலகியிருப்பேன். ஒற்றை நாளில் வால்யூம் எகிறியிருந்தால், அது பல்க் டீலா என்று எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் பட்டியலில் சரிபார்த்துவிட வேண்டும். ஒருவர் விற்று ஒருவர் மொத்தமாக வாங்கியதை ஊரே விற்றதாகப் படித்துவிடக்கூடாது.

"சாயாம மேலேயே போனா இன்னும் பலம்தானே?" என்று கேட்டான். பலரும் விழும் இடம் இது. 392, 395, 398 என்று ஒவ்வொரு வாரமும் துளித்துளியாக ஏறும் கைப்பிடி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் நடுங்கிப்போய் விற்றவர் யாருமில்லை. பலவீனமான கைகள் உள்ளேயே இருக்கும், உச்சியைத் தாண்டியதும் அவர்கள் விற்பனை ஒன்றாக வரும். கைப்பிடி கொஞ்சம் பயமுறுத்தத்தான் வேண்டும்; முந்தைய வாரத்தின் தாழ்ந்த விலைக்குக் கீழே ஒருமுறை போய்த் திரும்புவது நல்லது.

ஆழமான கைப்பிடி ஏன் ஆகாது என்பதற்கு நான் காட்டும் காரணம் ஸ்டாப்லாஸ். இந்தப் பங்கை வாங்கும் இடம் கைப்பிடியின் உச்சியான 392-ஐ ஒட்டி மேலே. ஓ'நீல் வழியில் 7, 8 சதவீத நஷ்டத்தில் வெளியேறிவிட வேண்டும். 8 சதவீதம் என்றால் சுமார் 361. கைப்பிடியின் அடி 364. ஆக, ஸ்டாப்லாஸ் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே தானாகவே வந்து உட்காருகிறது. பங்கு 361-க்கு வந்தால் கைப்பிடியே உடைந்துவிட்டது, நம் கணிப்பு தவறு, வெளியேறலாம். அதே கைப்பிடி 325 வரை போயிருந்தால், அதாவது 17 சதவீதம், நடுப்புள்ளி 358 என்பதால் மேல்பாதிச் சோதனையில்கூடத் தேறிவிடும். ஆனால் நம் 361 அந்த ஆட்டத்தின் நடுவில் மாட்டும். பங்கு தன் இயல்பில் ஒருமுறை ஆடினாலே நம்மை உதறிவிட்டு, பிறகு ஏறிப் போகும். ஸ்டாப்லாஸை 325-க்குக் கீழே தள்ளினால் நஷ்டம் இரட்டிப்பு.

"அப்போ திங்கட்கிழமை?" என்றான்.

371-இல் வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்றேன். விற்பனை தீர்ந்ததா என்பது 392-ஐத் தாண்டும்போதுதான் தெரியும். அன்றைய வால்யூம் சராசரியைவிடக் குறைந்தது 40 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். தினச் சராசரி 2 லட்சம், ஆகவே 2.8 லட்சம். குறைந்த வால்யூமில் தாண்டினால் அடுத்த சில நாட்களில் மறுபடி உள்ளே விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தாண்டி வெகுதூரம் ஓடிவிட்டால் துரத்தவும் கூடாது. 392-க்கு மேல் 5 சதவீதம், கிட்டத்தட்ட 411. அதற்கு மேல் வாங்கினால், பங்கு கைப்பிடி வரை இயல்பாகத் திரும்பி வருவதே நம் ஸ்டாப்லாஸைத் தொட்டுவிடும். இவ்வளவும் சரியாக இருந்து, சந்தை மொத்தமும் இறங்கத் தொடங்கினால் இந்த வடிவமும் சேர்ந்து உடையும்; அதற்குத்தான் அந்த 361.

அவன் போனில் 392-க்கு ஒரு அலர்ட் வைத்தான். பக்கத்திலேயே குறிப்பில் 2.8 லட்சம், 411, 361 என்று மூன்று எண்களை எழுதிக்கொண்டு, ஆறிப்போன டீயைச் சூடாக்க எழுந்து போனான்.