மூச்சு இருக்கட்டும், ‘ப்ச்’ போகட்டும்

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டால்தான் தெரியும், பேசும்போது நம் வாய் எத்தனை சத்தம் போடுகிறது என்று. உதடு பிரியும்போது ஒரு ‘ப்ச்’. நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கும்போது ஒரு ‘டிக்’. வாக்கியத்துக்கு முன்னால் ‘ஹ்ஹ்’ என்று ஒரு மூச்சு. எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு இதெல்லாம் காதில் விழாது. மைக் இருப்பதோ வாய்க்கு ஒரு சாண் தூரத்தில். போதாததற்கு, பதிவு முடிந்ததும் கம்ப்ரஸரைப் போடுகிறோம். அது உரத்த இடங்களை அமுக்கிவிட்டு மொத்தக் குரலையும் மேலே தூக்கும்போது, பதுங்கியிருந்த மூச்சும் கூடவே ஏறி வந்துவிடுகிறது.

ஒலிப்புத்தக எடிட்டிங்குக்கு வந்த புதிதில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வாசித்த சிறுகதையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு மூச்சு விடாமல் தேடித் தேடி வெட்டி எறிந்தேன். கேட்டுவிட்டு அவரே போன் செய்தார். “தம்பி, இது நான்தானா? கேக்குற எனக்கே மூச்சு முட்டுதே!”

நான் செய்த தப்பு இரண்டு. மூச்சு இருந்த இடத்தை வெட்டிவிட்டு இரு பக்கத்தையும் ஒட்டினேன்; வாக்கியங்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டன. ஒட்டாமல் விட்ட இடங்களில் சுத்தமான நிசப்தத்தை வைத்தேன். அது இன்னும் மோசம். எந்த அறையும் முழு நிசப்தமாக இருப்பதில்லை. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினாலும் மெல்லிய ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். பேச்சோடு அது ஓடும்வரை காது கண்டுகொள்ளாது. அரை நொடி அறுந்து மறுபடி வந்தால், போன் லைன் கட்டாகி வந்ததுபோல் உடனே தெரிந்துவிடும்.

அதனால் இப்போது வாசிப்பவரை உட்கார வைத்ததும் முதல் வேலை, அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த அறையைப் பதிவு செய்துகொள்வது. ரூம் டோன் என்பது இதைத்தான். எதை எடுத்தாலும் அந்த இடத்தில் அதே நீளத்துக்கு இதிலிருந்து ஒரு துண்டு வைக்க வேண்டும்.

மூச்சை நான் இப்போது பெரும்பாலும் எடுப்பதில்லை, தணிக்கிறேன். மூச்சை மட்டும் தேர்ந்தெடுத்து 6 முதல் 10 டெசிபல் வரை குறைத்தால் போதும். 6 டெசிபல் குறைந்தாலே அலையின் உயரம் பாதியாகிவிடும். மூச்சு அங்கேயே இருக்கும், ஆனால் கவனத்தைப் பிடித்து இழுக்காது. குறைத்த துண்டின் இரு ஓரத்தையும் சரிவாக விட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு நடுவே கதவைத் திறந்து மூடியதுபோல் கேட்கும். ‘ச’வில் தொடங்கும் சொல்லுக்கு முன் இன்னும் கவனம் தேவை. மூச்சின் வால் எங்கே, ‘ச’வின் தலை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் பிரிக்க வேண்டும்.

‘டிக்’ வேறு ஜாதி. அதை எடுத்தே ஆக வேண்டும். அந்த ஆசிரியை வாசித்த ஒரு வரியையே எடுத்துக்கொள்வோம்: ‘கிழவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.’ ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதைத் திறந்து `Spectrogram` காட்சிக்கு மாற்றினால், உயிரொலிகள் ஜமுக்காளக் கோடுகளாகப் படுத்திருக்கும். மூச்சு புகைபோலத் தெரியும். ‘டிக்’கோ கீழிருந்து மேல்வரை ஊசி குத்தியதுபோல் ஒரே செங்குத்துக் கோடு.

இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே முதலில் ஒரு ‘ப்ச்’, அதையொட்டி ஒரு மூச்சு. ‘ப்ச்’மேல் ரூம் டோனை வைத்தேன், மூச்சை 8 டெசிபல் தணித்தேன். ‘வாசலில்’ என்பதன் முதல் ‘வா’வுக்குள் ஓர் ஊசி. பேச்சுக்கு நடுவே ரூம் டோன் வைக்க முடியாது, குரலே அறுந்துவிடும். அங்கே அலையைப் பெரிதாக்கி, ஊசி இருக்கும் இடத்தை மட்டும் பிடித்து `Repair` கொடுத்தால், இரு பக்கத்து அலையைப் பார்த்து நடுவே இருப்பதை அது மறுபடி வரைந்துவிடும். ஒரு தடவைக்கு 128 சாம்பிள்தான் அது ஏற்கும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்று பதிவு செய்திருந்தால், நொடியை ஆயிரமாகப் பிரித்ததில் மூன்று பங்குகூட இல்லை. பெரும்பாலான ‘டிக்’குகளின் கூர்முனைக்கு அது போதும்.

சிக்கல் ‘எட்டி’யில்தான் இருந்தது. ‘ட்ட’ சொல்லும்போது நாக்கு காற்றை அடைத்து நிற்கிறது. சுமார் பத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு சட்டென்று விடுகிறது, சின்னதாய் ஒரு வெடிப்பு. ‘க்க’, ‘த்த’, ‘ப்ப’ எல்லாமே இப்படித்தான். திரையில் அந்த வெடிப்பும் ஓர் ஊசிதான். ‘எட்டி’யில் இரண்டு ஊசிகள் இருந்தன. அடைப்பின் நடுவே தனியாக நின்றது எச்சில் சத்தம்; அடுத்த ‘இ’யோடு ஒட்டிக்கொண்டு நின்றது ‘ட்’டின் உயிர். முதலாவதை எடுத்தேன். இரண்டாவதைத் தொட்டிருந்தால் ‘எட்டி’ பல் போனவர் சொன்ன ‘எட்டி’ ஆகியிருக்கும்.

தானாகவே மொத்தக் கோப்பையும் துழாவிச் சுத்தம் செய்கிற கருவிகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஆடாசிட்டியிலேயே `Click Removal` இருக்கிறது; காசு கொடுத்து வாங்கும் ஐசோடோப் ஆர்.எக்ஸில் `Mouth De-click` என்று வாய்ச் சத்தத்துக்கென்றே ஒன்று உண்டு. மணிக்கணக்கில் நீளும் நாவலுக்கு இவை இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட, எது எச்சில், எது மெய்யெழுத்து என்று அவற்றுக்குத் தெரியாமல் போகிறது.

மிஞ்சிப் போய்விட்டோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிராக்கை நகலெடுத்து, நகலில் மட்டும் சுத்தம் செய்யுங்கள். மூலத்துக்கு `Invert` கொடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். பொதுவாக இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, நீங்கள் எடுத்தது மட்டும் மிஞ்சிக் கேட்கும். வெறும் ‘டிக் டிக்’ என்று வந்தால் சரி. அதில் ‘ட்’, ‘க்’ என்று சொல்லின் துணுக்கு எதுவும் கேட்டால் குரலையே சுரண்டியிருக்கிறீர்கள். அளவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

சிலர் வாசிக்கும்போது ஒரு வரிக்குப் பத்து ‘டிக்’ விழும். அங்கே எடிட்டரிடம் மருந்தில்லை; நிறுத்தி மறுபடி வாசிப்பதே லாபம். காரணம் பெரும்பாலும் வறண்ட வாய், பிசுபிசுத்த எச்சில். மைக் முன்னால் உட்கார்ந்தபின் மடக்கு மடக்காகக் குடிக்கும் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான். காலையிலிருந்தே குடித்திருக்க வேண்டும். பால் விட்ட காபி எச்சிலைக் கெட்டியாக்குகிறது என்று வாசிப்பவர்கள் ஒதுக்குவார்கள். புளிப்பான பச்சை ஆப்பிள் ஒரு கடி கடித்தால் எச்சில் நீர்த்துவிடும் என்பது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது, நானும் பார்த்திருக்கிறேன். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைப்பதும், உதட்டை முன்கூட்டியே திறந்துகொண்டு பிறகு மூச்சிழுப்பதும் பாதி ‘ப்ச்’சைக் குறைத்துவிடும்.

அந்தச் சிறுகதையை இரண்டாம் முறை செய்து அனுப்பியபோதும் ஆசிரியை போன் செய்தார். கதையின் கடைசிப் பக்கத்தில், கிழவி மகன் பெயரைச் சொல்லுமுன் ஒரு நீண்ட மூச்சு வரும். வழக்கம்போல் 8 டெசிபல் தணித்திருந்தேன். “அது மூச்சு வாங்கினது இல்ல தம்பி, அது கிழவியோடது. இருந்த மாதிரியே விட்டுடுங்க” என்றார். அந்த ஓர் இடத்தில் மட்டும் தணித்த 8 டெசிபலைத் திருப்பிக் கொடுத்தேன்.