புதுவீட்டில் தரப்படும் திருத்தவேலைக் குறிப்பு: எது உரிமையாளருக்கு, எது குடியிருப்பாளருக்கு

சுவிற்சர்லாந்தில் வாடகை வீடொன்றின் திறப்பைப் பெறும் நாளில், வீட்டு நிர்வாகம் ஒப்பந்தத்துடன் ஒரு சிறு குறிப்பையும் கையளிப்பது வழக்கம். எந்தத் திருத்தவேலையை உரிமையாளர் செய்வார், எதைக் குடியிருப்பாளர் தமது செலவில் செய்யவேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பலர் அதனை வாசிக்காமலே கையொப்பமிடுகின்றனர். சில குறிப்புகள் சட்டத்தில் உள்ளதையே சொல்கின்றன. வேறு சில, சட்டம் இடம் தராத செலவையும் குடியிருப்பாளர்மீது சுமத்துகின்றன.

வீட்டை வாழத்தக்க நிலையில் ஒப்படைத்து, அந்நிலையிலேயே பேணுவது உரிமையாளரின் கடமை என்று சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 256ஆம் பிரிவு கூறுகின்றது. குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை, குடியிருப்பாளருக்குப் பாதகமாக இதனை மாற்றும் உடன்பாடு செல்லாது. அவர் அதில் கையொப்பமிட்டிருந்தாலும் நிலைமை அதுவே. 259ஆம் பிரிவு தரும் விதிவிலக்கு சிறியது. வழமையான பராமரிப்புக்குரிய சிறு துப்புரவும் சிறு திருத்தமும் குடியிருப்பாளரின் செலவாகும். ஜெர்மன் மொழியில் இதனை ‘க்ளைனர் உன்டர்ஹால்ட்’ என்பர்.

எது சிறிது? தொழில்நுட்ப அறிவில்லாத ஒருவர் தாமே செய்யக்கூடியதும், பொருளின் விலை ஏறத்தாழ 150 பிராங்குக்கு மேற்படாததுமான வேலையே சிறிது என நடைமுறையில் கொள்ளப்படுகின்றது. இத்தொகை சட்டத்தில் எழுதப்பட்டதன்று. குளிக்கும் இடத்தின் நீர்க்குழல், குளிர்சாதனப் பெட்டியின் மின்குமிழ், அடுப்பின் மேலுள்ள புகையுறிஞ்சியின் வடிகட்டி, குழாயின் றப்பர் வளையம் ஆகியன இவ்வகையின. கழுவுதொட்டியின் கீழுள்ள வளைகுழாயைக் கழற்றித் துப்புரவாக்குவதும் குடியிருப்பாளரின் வேலையே. அடைப்பு சுவருக்குள் செல்லும் பிரதான குழாயில் இருந்தால் அது உரிமையாளருக்குரியது. தொழிலாளர் ஒருவர் வந்தே தீரவேண்டும் என்றால், செலவு 100 பிராங்காயினும் அது சிறு பராமரிப்பு ஆகாது. குடியிருப்பாளர் தாமே உடைத்த பொருளுக்கு இவ்விதி பொருந்தாது. அதற்கு அவர் பொறுப்பு.

ஓர் உதாரணம். ‘300 பிராங் வரையான திருத்தங்கள் குடியிருப்பாளரைச் சாரும்’ என்று ஒரு குடும்பத்துக்குத் தரப்பட்ட குறிப்பில் உள்ளது. சில மாதங்களில் மலசலகூடத்தின் நீர்த்தாங்கி பழுதாகி, நீர் இடைவிடாது ஒழுகுகின்றது. நிர்வாகம் குழாய்த் தொழிலாளரை அனுப்புகின்றது. கட்டணம் 420 பிராங். குறிப்பைக் காட்டி, முதல் 300 பிராங்கைக் குடும்பம் செலுத்தவேண்டும் என நிர்வாகம் கேட்கின்றது. இக்கோரிக்கை இரு வகையிலும் பிழையானது. தொழிலாளர் செய்யவேண்டிய வேலை சிறு பராமரிப்பன்று. மேலும், சிறு பராமரிப்பு என்பது காப்புறுதியில் உள்ளதுபோன்ற சுயபங்கு அன்று. பெரிய கட்டணத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் குடியிருப்பாளரிடம் அறவிட முடியாது. குடும்பம் 256ஆம், 259ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் மறுப்புக் கடிதம் அனுப்புவதே முறை.

இதே குடும்பம் ஒழுக்கை அறிவிக்காமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. தாம் திருத்தவேண்டியிராத பழுதுகளை உரிமையாளருக்கு அறிவிப்பது குடியிருப்பாளரின் கடமை (பிரிவு 257g). அறிவிக்கத் தவறியதால் சேதம் பெருகினால் அதற்கு அவரே பொறுப்பாவார். தொழிலாளரைத் தாமாக அழைப்பதும் நன்றன்று; அழைத்தவரின் பெயருக்கே கட்டணச்சீட்டு வரும்.

நிர்வாகம் திருத்த மறுக்கும்போது சிலர் வாடகையை நிறுத்திவிடுகின்றனர். இது மிக ஆபத்தானது. வாடகை நிலுவைக்கு 30 நாள் தவணை விதித்து, அதற்குள் செலுத்தப்படாவிட்டால் மேலும் 30 நாள் அறிவித்தலுடன் மாத இறுதிக்கு ஒப்பந்தத்தை முடிக்க உரிமையாளருக்கு 257d பிரிவு இடமளிக்கின்றது. நியாயம் குடியிருப்பாளர் பக்கம் இருந்தும் வீடு பறிபோகலாம்.

சட்டம் காட்டும் வழி வாடகையை வைப்பிலிடுவது. முதலில், திருத்துவதற்கு நியாயமான தவணை கொடுத்து, தவறினால் இனிவரும் வாடகை வைப்பிலிடப்படும் என எழுத்தில் எச்சரிக்கவேண்டும். தவணை கடந்தபின், கன்ரோன் குறித்துள்ள இடத்தில் வாடகையை வைப்பிலிட்டு, அதனை உரிமையாளருக்கும் எழுத்தில் அறிவிக்கலாம். அது செலுத்தப்பட்ட வாடகையாகவே கருதப்படும். வைப்பிலிட்ட முதல் வாடகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வாடகை இணக்கசபையான ‘ஷ்லிக்டுங்ஸ்பெஹோர்டே’யில் கோரிக்கை பதியப்படாவிட்டால், பணம் உரிமையாளருக்கே போய்விடும். அச்சபையில் விசாரணைக்குக் கட்டணம் இல்லை.

திறப்பைப் பெறும் நாளில், குறிப்பைவிடப் பழுதுப் பட்டியலே முக்கியமானது. கீறல், கறை, ஒழுகும் குழாய் எனக் கண்டவை அனைத்தும் அதில் பதியப்படவேண்டும்; ஒளிப்படமும் எடுத்துவைத்தல் நன்று. பின்னர் காணப்படும் பழுதுகளை ஒப்பந்தத்தில் குறித்த நாட்களுக்குள், பதிவுத் தபாலில் அறிவிக்கவேண்டும்.