‘குழந்தைகள் என்றால் உயிர்’ என்று எழுதினால் போதுமா?

மழலையர் பள்ளி வேலைக்கு வரும் ரெஸ்யூம்களை அடுக்கி வைத்துப் படித்தால், பலவும் ஒரே கையால் எழுதியவை போலத் தெரியும். ‘குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்’, ‘பொறுமைசாலி’, ‘கடின உழைப்பாளி’ என்று மேலே நான்கு வரி. பிறகு ‘எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் எடுத்த அனுபவம் உண்டு’. அதற்குக் கீழே அப்பா பெயர், தெரிந்த மொழிகள், ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி. ஆள் தேடும் தலைமையாசிரியைக்கு இதில் எதுவுமே பிடிபடாது. இவர் எந்த வயதுக் குழந்தைகளோடு இருந்தார், எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டார், காலையில் வகுப்புக்குள் போனதும் என்ன செய்தார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கோவைப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.காம். முடித்தவர், மாண்டிசோரி டிப்ளமோ படித்திருக்கிறார், நான்கு வருட அனுபவம். முதல் வருடம் ஒரு பிளே ஸ்கூலில் உதவி ஆசிரியை. அடுத்த மூன்று வருடம் ஒரு மாண்டிசோரி பள்ளியில் பொறுப்பு ஆசிரியை. இந்த நான்கு வருடமும் அவருடைய ரெஸ்யூமில் ‘பிரீ-கே.ஜி. முதல் யு.கே.ஜி. வரை கையாண்டேன்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டது. அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். ரெஸ்யூம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், என்ன எழுத வேண்டும் என்பதை இங்கே தமிழிலேயே சொல்கிறேன்.

முதலில் வயது. இரண்டரை வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே கட்டடத்தில் படித்தாலும், அவர்களோடு செய்யும் வேலை ஒன்றல்ல. இரண்டரை வயதுக்காரரோடு இருப்பவர் அம்மாவைப் பிரிந்து அழும் குழந்தையைத் தேற்றத் தெரிந்தவராக, கழிவறைப் பழக்கத்தைப் பொறுமையாகப் பழக்கத் தெரிந்தவராக, கடிப்பதும் தள்ளுவதும் ஏன் நடக்கிறது என்று புரிந்தவராக இருக்க வேண்டும். ஐந்து வயதுக்காரர் கேள்வி கேட்பார், விதியைப் பற்றி வாதாடுவார், எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருப்பார். அதனால் வகுப்பின் பெயரை மட்டும் எழுதாமல் வயதையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். நம் ஆசிரியையின் வரி இப்படி மாறுகிறது: ‘முதல் வருடம்: 2 முதல் 3 வயது, 15 குழந்தைகள், பொறுப்பு ஆசிரியைக்கு உதவியாளர். அடுத்த மூன்று வருடம்: இரண்டரை முதல் 6 வயது கலந்த வகுப்பு, 26 குழந்தைகள், எனக்கு ஓர் உதவியாளர்.’

இந்தக் ‘கலந்த வகுப்பு’ என்ற சொல் முக்கியமானது. மாண்டிசோரி முறையில் இரண்டரை அல்லது மூன்று வயதில் சேரும் குழந்தை ஆறு வயது வரை ஒரே வகுப்பறையில் இருக்கும். சின்னவர்கள் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்பார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து உறுதிப்படுவார்கள். ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆகவே பலகையில் பெயர் மட்டும் இருந்து, உள்ளே எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று பிரித்து நடத்தும் பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. அப்படிப்பட்ட பள்ளியில் வேலை செய்திருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது: ‘எல்.கே.ஜி., 4 வயது, 30 குழந்தைகள். தினமும் ஒரு மணி நேரம் மாண்டிசோரி உபகரணங்களோடு வேலை.’ இதைப் படிப்பவர் குறைவாக நினைக்க மாட்டார். கலந்த வகுப்பு நடத்தியதாக எழுதிவிட்டு, நேர்காணலில் ‘ஆறு வயதுக் குழந்தைக்குத் தங்க மணிகளில் என்ன காட்டினீர்கள்?’ என்று கேட்கும்போது தடுமாறுவதுதான் ஆபத்து.

அடுத்தது செயல்பாட்டுத் திட்டம். ரெஸ்யூம்களில் மிகவும் வீணாகும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ‘ஆடல், பாடல், ஓவியம், கதை மூலம் கற்பித்தேன்’ என்று எழுதுகிறார்கள். அது எந்த மழலையர் ஆசிரியைக்கும் பொருந்தும் வரி. திட்டமிடத் தெரிந்தவர் என்பதை ஒரே ஒரு பயிற்சியைச் சரியாகச் சொன்னாலே காட்டிவிடலாம்.

ஊற்றும் பயிற்சியைப் பாருங்கள். ஒரு தட்டு, பிடி வைத்த இரண்டு சின்ன ஜாடி, ஒன்றில் பாதி அளவுக்கு அரிசியோ பயறோ. ஆசிரியை குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல், மெதுவாக ஒரு முறை ஊற்றிக் காட்டுகிறார். சிந்திய மணிகளைப் பொறுக்கி ஜாடியில் போடுகிறார். அப்புறம் குழந்தையிடம் விட்டுவிடுகிறார். தானியத்தில் கை நிதானப்பட்ட பிறகுதான் தண்ணீர் வரும், தட்டில் ஒரு ஸ்பாஞ்சும் சேரும். அதற்கும் பிறகு கோடு போட்ட டம்ளரில் கோடு வரை ஊற்றுவது. ஜாடியை விளிம்பு வரை நிரப்பி வைத்தால் பயிற்சி அங்கேயே கெட்டது, ஏனென்றால் குழந்தை என்ன செய்தாலும் சிந்தும். சிந்தியதும் ஓடிப்போய் ஆசிரியை துடைத்துவிட்டாலும் கெட்டது. யாரும் சொல்லாமலே குழந்தை அதையே திரும்பத் திரும்பச் செய்வதும், சிந்தினால் தானே ஸ்பாஞ்சை எடுப்பதும் அடுத்த படிக்குத் தயார் என்பதற்கு அடையாளம். மணிக்கட்டு வலுவும், கவனமும், ஒரு வேலையைத் தொடங்கி முடித்து எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கமும் இதில்தான் உருவாகின்றன. பின்னால் பென்சில் பிடிக்கும் கையும் இங்கேதான் பழகுகிறது.

இதைச் செய்தவர் ரெஸ்யூமில் இப்படி எழுதலாம்: ‘தானியம், தண்ணீர், அளவுக்கோடு என்ற வரிசையில் அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளைத் தயாரித்துக் காட்டினேன். எந்தக் குழந்தைக்கு எதை எந்த நாளில் காட்டினேன், அது தானாக எத்தனை முறை திரும்பச் செய்தது என்று தனித்தனிப் பதிவேடு வைத்தேன்.’ இரண்டாவது வாக்கியத்தை மாண்டிசோரி பள்ளிக்காரர்கள் நின்று படிப்பார்கள். அங்கே திட்டம் என்பது வகுப்பு முழுவதற்கும் பொதுவான வாரத் தலைப்பு அல்ல. நேற்று இந்தக் குழந்தை என்ன செய்தது என்று கவனித்து, இன்று அதற்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்வது. வழக்கமான கிண்டர்கார்டன் பள்ளிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் நிலைமை வேறு. அவர்கள் ‘இந்த வாரம் தண்ணீர், அடுத்த வாரம் போக்குவரத்து’ என்று தலைப்பு வைத்து, வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரம், கதை, கைவேலை என்று பிரிப்பார்கள். அங்கே தலைப்பு வாரியாகப் போட்ட திட்டத்தைத்தான் முன்னால் வைக்க வேண்டும். இரண்டு வகைப் பள்ளிக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்புகிறவர்கள் இரண்டு இடத்திலும் பாதிதான் புரிந்துகொள்ளப்படுகிறார்கள்.

தமிழ் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் மறைக்காதீர்கள். ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்து, ‘இது ட’, பிறகு ‘ட எது?’, கடைசியாக ‘இது என்ன?’ என்று மூன்று படியாகக் கேட்டுப் பழக்கியிருந்தால், அதை அப்படியே எழுதுங்கள். இந்த வரிசை தெரிந்தவர் என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும்.

பெற்றோரோடு பேசுவது மூன்றாவது. ‘நல்ல தகவல் தொடர்புத் திறன்’ என்ற வரியை எடுத்துவிடலாம். நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தையின் அம்மா கேட்கும் முதல் கேள்வி என்ன என்று இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்: “மிஸ், பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏபிசிடி எழுதறா, இவன் ஏன் இன்னும் எழுதலை?” இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் ரெஸ்யூமில் வர வேண்டிய செய்தி. நம் ஆசிரியை பருவத்துக்கு ஒரு முறை பெற்றோரை வகுப்பறைக்கே வரவழைத்து, உபகரணங்களை அவர்கள் கையில் கொடுத்து, ஊற்றுவதும் பொத்தான் போடுவதும் எழுதும் கைக்கு எப்படி முன்தயாரிப்பு ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். ‘பெற்றோர் வகுப்பறைக் கூட்டம், பருவத்துக்கு ஒன்று, நானே நடத்தினேன்’ என்று எழுதினால் போதும். புதிதாகச் சேரும் குழந்தைக்கு முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்று பெற்றோரோடு பேசித் திட்டம் போட்டிருந்தால் அதுவும் வரட்டும்.

இங்கே ஓர் எல்லை உண்டு. ‘ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் கண்டுபிடித்தேன்’ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. ஆசிரியை செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் கவனிப்பது, தேதி போட்டுக் குறிப்பது, பள்ளித் தலைமையிடம் சொல்வது, பெற்றோரைக் குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்வது. ‘பேச்சு தாமதமாகத் தெரிந்த குழந்தையைப் பற்றிச் சில வாரம் குறிப்பெடுத்து, தலைமையாசிரியை வழியாகப் பெற்றோரிடம் பேசினேன்’ என்று எழுதினால், பொறுப்பு தெரிந்தவர் என்பது புரியும். குழந்தையின் பெயர், புகைப்படம், குடும்பத்தின் விவரம் எதுவும் ரெஸ்யூமில் வரவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கடைசியாகப் பயிற்சி. மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் தம் முதல் இந்தியப் பயிற்சி வகுப்பை நடத்தினார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அந்தத் தொடர்ச்சி இருப்பதால் நம் ஊரில் நல்ல பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. கூடவே, சில வாரங்களில் ஆன்லைனில் சான்றிதழ் தருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். ‘மாண்டிசோரி டிப்ளமோ’ என்ற இரண்டு சொல்லில் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். வித்தியாசத்தைக் காட்ட வேண்டியது நீங்கள்தான். எந்த மையம், எந்த அமைப்பின் அங்கீகாரம், எந்த வயதுக்கான பயிற்சி, நேரில் எத்தனை மாதம், வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்தது எத்தனை மணி நேரம், மேற்பார்வையில் பாடம் எடுத்தது எத்தனை வாரம் என்று எழுதுங்கள். அம்மையார் தொடங்கிய ஏ.எம்.ஐ. அமைப்பின் பிரைமரி டிப்ளமோ இரண்டரை முதல் 6 வயது வரைக்கானது. அதை வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்கு மேல் எடுக்கப் பயிற்சி பெற்றதாகச் சொல்ல முடியாது. ஆன்லைனில் படித்தவர் ‘ஆன்லைன்’ என்றே எழுதட்டும். குழந்தை வளர்ச்சி, முதலுதவி, குழந்தைப் பாதுகாப்பு தொடர்பான பயிற்சிகள் இருந்தால் வருடத்தோடு ஒவ்வொரு வரி போதும்.

இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஜூனில் திறக்கும் பள்ளிகள் பல மாதங்களுக்கு முன்பே ஆள் தேடத் தொடங்கிவிடும். நேர்காணலுக்குப் போகும்போது பயிற்சியில் நீங்களே எழுதிய ஆல்பத்தையும், குழந்தைகளின் பெயரை மறைத்த பதிவேட்டின் இரண்டு மூன்று நகல்களையும் எடுத்துப் போங்கள். டெமோ வகுப்பு கேட்டால், ரெஸ்யூமில் எழுதிய பயிற்சிகளில் ஒன்றையே எடுத்துக் காட்டுங்கள்.