காத்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு ஒரு கிராமம்

கேம் என்றால் சுட வேண்டும், துரத்த வேண்டும், அரை மணி நேரத்தில் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துவிட வேண்டும். இப்படிச் சொல்லும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். ‘பேனிஷ்ட்’ விளையாடிப் பார் என்று அவரைக் கூப்பிட்டால் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். திரையில் நாலு பேர் மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் காட்டில் காளான் பொறுக்குவார், மேலே பனி பெய்துகொண்டிருக்கும்.

“சண்டை எப்போடா வரும்?”

“வராது.”

“அப்ப எப்படி ஜெயிக்கிறது?”

“ஜெயிக்கவெல்லாம் முடியாது. ஊர் பிழைச்சிருக்கணும், அவ்வளவுதான்.”

“ஆளை விடு மச்சான்.”

நண்பர் மீது தப்பில்லை. ஊர் கட்டும் விளையாட்டு என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் மொபைலில் வருபவைதான். அவற்றில் ஒரு கட்டடத்தைத் தொட்டால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பெரிய கட்டடமென்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து அந்தக் காத்திருப்பைத் தாண்ட வேண்டும். அவசரக்காரரின் அவசரத்தையே விலைக்கு விற்கும் ஏற்பாடு அது. அதில் எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பேனிஷ்ட் அந்த வகை அல்ல. லூக் ஹோடோரோவிச் என்ற ஒரே புரோகிராமர், ‘ஷைனிங் ராக் சாஃப்ட்வேர்’ என்ற தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் 2014 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட சில குடும்பங்கள் ஒரு காட்டோரம் வந்து சேர்கின்றன. அவர்களைக் குளிரிலும் பசியிலும் சாகாமல் காப்பாற்றி ஊராக வளர்க்க வேண்டும். இதில் பணம் என்பதே கிடையாது. எல்லாக் கட்டடங்களும் முதல் நிமிடத்திலிருந்தே திறந்திருக்கும், எதையும் ‘அன்லாக்’ செய்ய வேண்டியதில்லை. நேரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு ஊர் முழுவதையும் திட்டமிடலாம், பிறகு 2, 5, 10 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். மெதுவான விளையாட்டு என்று பெயர் வாங்கியிருந்தாலும் வேகத்தின் கடிவாளம் விளையாடுபவர் கையில்தான் இருக்கிறது.

ஆனாலும் மெதுவாகத்தான் தோன்றும். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மரவீட்டுக்கு 16 கட்டையும் 8 கல்லும் போதும். அவை கிடங்கில் இருந்தும் வீடு எழும்பாமல் நிற்கும். கட்டும் ஆள் ஒருவரை மவுஸால் தொட்டு, அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். சரக்குக் குவியல் ஊரின் ஒரு கோடியில், வீட்டு மனை மறுகோடியில். நாலு கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பாதியில் பசிக்கிறது, வீட்டுக்குத் திரும்புகிறார். வீட்டில் உணவில்லையென்றால் தானியக் கிடங்குக்கு ஒரு நடை. அதற்குள் குளிர் தாக்குகிறது, உடம்பைச் சூடேற்ற மறுபடி ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். வேலை செய்த நேரம் கொஞ்சம், நடந்த நேரம்தான் அதிகம்.

இதைப் பார்த்துக்கொண்டு பொறுமைசாலி சும்மா இருப்பார். அவசரக்காரரால் முடியாது. “என்னடா இவன், இப்படிச் சுத்துறான்?” என்று அவருக்குக் கை பரபரக்கும். மனைக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் குவியல், வேலையிடத்தை ஒட்டி இரண்டு வீடுகள், அருகில் ஒரு கிடங்கு. இவ்வளவையும் செய்துவிட்டால் அதே ஆட்கள் அதே காலத்தில் பல மடங்கு வேலை முடிப்பார்கள். மொபைல் கடிகாரத்தோடு யாரும் சண்டை போட முடியாது. இங்கே தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து ஒழித்துக்கட்டலாம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளாத குணம் இதற்கு நல்ல தகுதி என்றே சொல்ல வேண்டும்.

அவசரம் காலை வாரிவிடும் இடமும் உண்டு. அதை முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

30 பேர், 8 வீடுகள் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 அளவு உணவு தின்பார், ஆக ஊருக்கு 3,000 வரை வேண்டும். அறுவடை அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால் ‘இனி வீடு வேண்டாம்’ என்று விளையாடுபவர் நிறுத்திக்கொள்கிறார். சில ஆண்டுகள் எல்லாம் அருமையாகப் போகிறது, கிடங்கும் நிரம்புகிறது. உள்ளே நடப்பது வேறு. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி வீடில்லை, அதனால் பெற்றோரோடே இருக்கிறார்கள். தனி வீடு கிடைத்தால்தான் ஜோடி சேர்ந்து குடித்தனம் தொடங்கும், குழந்தையும் பிறக்கும். துணையை இழந்த கிழவர் ஒருவர் ஐந்து பேர் தங்கும் வீட்டில் தனியாகக் குடியிருப்பார், அவரைக் காலி செய்யச் சொல்லவும் வழியில்லை. பிறகு முதியவர்கள் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்குகிறார்கள், வயலில் ஆள் குறைகிறது.

விளையாடுபவர் இப்போதுதான் விழித்துக்கொள்கிறார். பதறிப்போய் ஒரே மூச்சில் பத்து வீடுகள் கட்டுகிறார். இளைஞர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தனிக்குடித்தனம் போகிறார்கள், ஊர் முழுக்கத் தொட்டில். அந்தக் குழந்தைகள் வேலைக்கு வர 10 வயதாக வேண்டும், பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை வாய்கள் கூடும், கைகள் கூடாது. அடுத்த குளிர்காலத்தில் பஞ்சம்.

கிராமம் செத்த காரணம் அந்தப் பஞ்ச வருஷத்தில் இல்லை, பல வருஷம் முன்னால் வீடு கட்டுவதை நிறுத்திய அன்றே தொடங்கிவிட்டது. முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெரியவர்கள், மாணவர்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்று திரையில் தனித்தனியாகக் காட்டும். கிடங்கில் உணவு ஏறிக்கொண்டே போய், குழந்தைகள் எண்ணிக்கை மட்டும் இறங்கினால் அதுதான் அபாய அறிகுறி. அறுவடை நன்றாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் 10 மடங்கு வேகத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. ஒரே மூச்சில் பத்து வீடு கட்டுவதற்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒன்றிரண்டு வீடு விடாமல் கட்டிவந்தால் இந்தச் சுழலில் ஊர் சிக்காது.

தோற்றாலும் அவசரக்காரருக்கு ஒரு லாபம் இருக்கிறது. ‘விதி’ என்று கையை விரிக்க வேண்டியதில்லை. எந்த முடிவு ஊரைக் கொன்றது என்று பின்னோக்கிப் போய்ப் பிடித்துவிடலாம். பிடித்ததும் உடனே புது ஊர் தொடங்கி அதைத் திருத்திப் பார்க்கலாம். ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

குறையையும் மறைக்க வேண்டாம். சில நூறு பேர் கொண்ட ஊராகி, உணவும் விறகும் துணியும் தட்டில்லாமல் கிடைக்கத் தொடங்கிய பிறகு விளையாட்டு சலிக்கிறது. புது நெருக்கடி எதுவும் வராது, கதையும் கிடையாது. நண்பர் அங்கேயே எழுந்து போய்விட்டால் நஷ்டமில்லை. ஊர் சாகுமா பிழைக்குமா என்று தெரியாத ஆரம்பகாலம்தான் இதன் உயிர், அதைத்தான் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாரே.

தொடங்க நினைப்பவர்கள் விண்டோஸ் கணினியில் Banished என்று தேடிப் பிடிக்கலாம். முதல் ஊருக்கு Easy தொடக்கத்தையும் Fair தட்பவெப்பத்தையும் தேர்ந்தெடுங்கள். தீ, சூறாவளி போன்ற பேரிடர்களையும் நிறுத்தி வையுங்கள். ஆட்டம் தொடங்கியதும் நேரத்தை நிறுத்தி, முதல் குளிருக்குள் விறகு வெட்டும் இடம் ஒன்றைத் தயார் செய்துவிடுங்கள். கிடங்கில் எவ்வளவு உணவு இருந்தாலும் விறகில்லாத வீட்டில் மக்கள் விறைத்துச் சாவார்கள்.