கன்னிசாமியா நீங்க? மாலை முதல் நெய்த்தேங்காய் வரை... ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கு!

கார்த்திகை பிறந்தாலே சரண கோஷம் கேட்க ஆரம்பித்துவிடும். முதல்முறை சபரிமலைக்கு மாலை போடுகிறவர்தான் கன்னிசாமி. 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். 'ஏன்?' என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. எல்லாச் சடங்குகளையும் இணைப்பது இருமுடிக்குள் இருக்கும் நெய்த்தேங்காய்தான். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

மாலையும் விரதமும்

துளசி மணி அல்லது ருத்ராட்ச மாலையை குருசாமியோ, பெற்ற தாயோ போட்டுவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்குப் பெயர் கிடையாது. முதலாளியும் சாமி, டிரைவரும் சாமி. நான் இன்னார் என்கிற நினைப்பை இறக்கிவைப்பதுதான் முதல் படி.

விரதம் ஒரு மண்டலம், அதாவது 41 நாள். நவம்பர் 17-ம் தேதி மாலை போட்டால், டிசம்பர் 27-ம் தேதி 41-வது நாள். மகரஜோதிக்கு, அதாவது ஜனவரி 14-க்குப் போகிறவர் டிசம்பர் 5-க்குள் போட்டிருக்க வேண்டும். இரண்டு வேளைக் குளியல், சைவச் சாப்பாடு, பிரம்மச்சரியம், தரையில் படுக்கை, வெறுங்கால் நடை... உடம்பு கேட்கிற சௌகரியங்களை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் நோக்கம். கல்லும் முள்ளும் நிறைந்த காட்டுப் பாதைக்குக் கால்கள் பழகுவதும் இந்த நாள்களில்தான்.

நெய்த்தேங்காய் நிறைப்பது எப்படி?

விரிசல் இல்லாத முற்றிய தேங்காயை எடுத்து, நார் துளியும் இல்லாமல் வழவழவென்று தேய்க்க வேண்டும். மெல்லிய கண்ணில் துளையிட்டு, தண்ணீரை முழுவதும் வடித்து, கவிழ்த்துவைத்து உலரவிடணும். அவசரத்தில் இதைத்தான் பலரும் கோட்டைவிடுவார்கள். உள்ளே ஈரம் தங்கினால், மலையில் உடைக்கும்போது நெய்யில் புளித்த வாடை வரும். பசு நெய்யை உருக்கி, சூடு ஆறிய பிறகு சரணம் சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும். நிறைந்ததும் தக்கையால் அடைத்து, மெழுகோ அப்பள மாவோ வைத்து மூடுவார்கள். மூடியதும் கொஞ்ச நேரம் சாய்த்துவைத்துப் பாருங்கள். கசிந்தால் அங்கேயே சரிசெய்துவிடலாம்.

இதன் தத்துவம் எளிமையானது. ஓடு உடல், நெய் உயிர். தண்ணீரை வடிப்பது உலக ஆசைகளை வடிப்பதற்குச் சமம். 41 நாள் நீங்கள் உங்களுக்குச் செய்ததை, கடைசியில் தேங்காய்க்குச் செய்கிறீர்கள்!

முன்முடி, பின்முடி

இருமுடிப் பையில் இரண்டு அறைகள். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும் இருக்கும். பின்முடியில் வழிக்கு வேண்டிய அரிசி, பருப்பு, அவல். போகப்போக பின்முடி சாப்பிட்டே குறைந்துவிடும். முன்முடி அப்படியே இருக்கும். நம் தேவைகள் தீரத் தீர, கடவுளுக்கானது மட்டும் மிஞ்சுகிறது என்பார்கள் குருசாமிகள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம் சாமி. மலையில் அதற்குத் தடை உண்டு. உடுத்திய துணியை பம்பையில் விடுவதும் தப்பு.

சரங்குத்தியும் பதினெட்டுப் படியும்

கன்னிசாமிகள் கொண்டுவரும் சரத்தை சரங்குத்தியில் குத்த வேண்டும். கன்னிசாமி வராத வருடம் ஐயப்பன் தன்னை மணப்பதாகச் சொன்னதால், மாளிகைப்புறத்தம்மன் காத்திருக்கிறாள் என்பது ஐதிகம். அவள் தேடிவந்து பார்ப்பது உங்கள் சரத்தைத்தான்!

இருமுடி இல்லாதவர்கள் பதினெட்டுப் படி ஏற முடியாது. வேறு வழியாகத்தான் போகணும். ஐம்புலன்கள், காமம் குரோதம் முதலான எட்டுக் குணங்கள், சத்துவம் உள்ளிட்ட முக்குணங்கள், வித்தை, அவித்தை... ஆக பதினெட்டு. ஒவ்வொன்றையும் தாண்டி மேலே வந்தால், சந்நிதியில் 'தத்வமஸி' என்று எழுதியிருக்கும். 'நீயே அது' என்று பொருள். உங்களை 41 நாள் சாமி என்று கூப்பிட்டது ஏன் என்பதற்கான விடை அங்கேதான் இருக்கு.

நெய் அவனுக்கு, ஓடு நெருப்புக்கு

தேங்காயை உடைத்து, நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுக்க வேண்டும். நெய்யபிஷேகம் அதிகாலையில் தொடங்கி உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் மலையேறினால் மறுநாள் காலை வரை காத்திருக்கணும். அதனால் திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள். உயிர் இறைவனிடம் சேர்ந்த பிறகு உடல் எதற்கு? நெய் போன ஓட்டை, கீழே எரிந்துகொண்டிருக்கும் ஆழியில் போட்டுவிட வேண்டும்.

அபிஷேகம் செய்த நெய்யில் கொஞ்சம் பிரசாதமாகத் திரும்பக் கிடைக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்த பிறகு, குருசாமியோ தாயோ மாலையைக் கழற்றுவார்கள். சிலர் பம்பையிலேயே கழற்றிவிடுகிறார்கள். வேண்டாம் சாமி... போட்டுவிட்ட கைதான் கழற்றணும்.