ஒரே ஷாஃப்ட், மூன்று பொருத்தங்கள்

பெல்ட்டில் ஓடும் ஒரு ப்ளோவரை எடுத்துக்கொள்வோம். அதன் ஷாஃப்ட் இரண்டு 6205 பேரிங்குகளில் சுழல்கிறது. பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேலும், வெளிவளையம் இரும்புக் கூட்டின் துளைக்குள்ளும் உட்காருகின்றன. ஷாஃப்டின் ஒரு முனையில் புல்லி இருக்கிறது. இந்த மூன்று இடங்களிலும் உருளை ஒன்று துளை ஒன்றுக்குள் போகிறது. ஆனால் மூன்றுக்கும் ஒரே இறுக்கம் வைத்தால் ப்ளோவர் நெடுநாள் ஓடாது.

முதலில் உள்வளையம். பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, ஷாஃப்ட் சுழல்கிறது. அதனால் உள்வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் மாறி மாறிச் சுமைக்கு வருகிறது. இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், தளர்ந்த வளையலை விரலில் மாட்டிச் சுற்றியதுபோல வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல நகரத் தொடங்கிவிடும். கழற்றிப் பார்த்தால் பேரிங் உட்கார்ந்த இடம் கண்ணாடிபோல் பளபளக்கும், அல்லது செம்பழுப்புத் துரு படிந்திருக்கும். ஆகவே இங்கே ஷாஃப்ட் துளையைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். இதுதான் இறுக்கப் பொருத்தம்.

வெளிவளையத்தின் கதை நேர்மாறானது. அது சுழல்வதில்லை, சுமை அதன் ஒரே பகுதியில் விழுகிறது. வளையம் நகரத் தூண்டுதல் இல்லை என்பதால் இங்கே இடைவெளிப் பொருத்தம் போதும். போதும் என்பது மட்டுமல்ல, ஒரு பேரிங்குக்காவது அது தேவை. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் நீளும். ஒரு பக்கத்து வெளிவளையம் கூட்டுக்குள் வழுக்கி இடம் கொடுக்காவிட்டால், அந்த நீட்சி முழுவதும் குண்டுகளின் மேல் பக்கவாட்டு அழுத்தமாக இறங்கும். சுழலாத அச்சின் மேல் சக்கரம் மட்டும் சுழலும் வண்டிகளில் இந்தக் கணக்கு தலைகீழாகும்: வெளிவளையம் இறுக்கம், உள்வளையம் தளர்வு. சுமை எந்த வளையத்தைச் சுற்றி வருகிறதோ அதை இறுக்க வேண்டும்.

புல்லி இடைப்பட்டது. அது மையம் தவறாமல் நிற்க வேண்டும், பெல்ட் மாற்றவோ பேரிங் மாற்றவோ கழற்றவும் வர வேண்டும். திருகுவிசையைச் சாவி தாங்கிக்கொள்ளும். எனவே சில ஜோடிகளில் சற்றுத் தளர்வாகவும் சில ஜோடிகளில் சற்று இறுக்கமாகவும் அமையக்கூடிய இடைநிலைப் பொருத்தம் வைக்கிறார்கள். இங்கே தளர்வு மிகுந்தால் புல்லி ஆடும், சாவிப்பள்ளம் அகன்றுவிடும். இறுக்கம் மிகுந்தால் கழற்றும்போது வார்ப்பிரும்புப் புல்லி விரிசல் விடலாம்.

இனி அளவுக்கு வருவோம். பேரிங்கும் புல்லியும் உட்காரும் இரண்டு இடங்களையும் 25 மில்லிமீட்டரில் k6 என்று வரைபடத்தில் குறித்தால், ஷாஃப்ட் 25.002 முதல் 25.015 வரை இருக்கலாம். புல்லித் துளை H7 என்றால் 25.000 முதல் 25.021 வரை. சிறிய ஷாஃப்ட் பெரிய துளையைச் சந்தித்தால் 19 மைக்ரான் தளர்வு. பெரிய ஷாஃப்ட் சிறிய துளையைச் சந்தித்தால் 15 மைக்ரான் இறுக்கம். இது இடைநிலை. ஆனால் பேரிங்கின் துளை சாதாரண வகுப்பில் 24.990 முதல் 25.000 வரைதான். அதே k6 ஷாஃப்ட் அதற்குள் போகும்போது இறுக்கம் 2 முதல் 25 மைக்ரான் வரை, எந்த ஜோடியிலும் தளர்வே வராது. ஷாஃப்டின் எண்ணை மட்டும் பார்த்துப் பொருத்தத்தைச் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

துளையை H7 என்று நிலைநிறுத்திவிட்டு ஷாஃப்டை மாற்றுவதே பொதுவான வழக்கம். ரீமர் ஒரே அளவில்தான் துளை போடும். ஷாஃப்டையோ கிரைண்டிங்கில் எந்த அளவுக்கும் கொண்டுவரலாம். அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். k6-இன் முழு அகலமே 13 மைக்ரான். 20 மைக்ரானைப் பிரித்துக் காட்டும் வெர்னியர் காலிப்பருக்கு அது பிடிபடாது. லேத்திலிருந்து சூடாக இறங்கிய ஷாஃப்டை உடனே அளப்பதும் தவறு. 20 டிகிரி கூடுதல் சூடு 6 மைக்ரானைக் கூட்டிக் காட்டும். ஆறியபின் அந்த இறுக்கம் இருக்காது.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. இறுக்கம் உள்வளையத்தை விரிக்கிறது. பேரிங்குக்குள் குண்டுகள் உருள விட்டிருக்கும் இடைவெளி அதனால் குறைகிறது. சாதாரண 6205-இல் அந்த இடைவெளி 5 முதல் 20 மைக்ரான்தான். k6-இன் மேல் எல்லையில் அது முற்றிலும் தீர்ந்து, ஓடும்போது பேரிங் மிகையாகச் சூடேறலாம். அதனால் இறுகிய இடங்களுக்கு 13 முதல் 28 மைக்ரான் இடைவெளியுள்ள C3 பேரிங்கைக் கேட்டு வாங்குகிறார்கள்.

மாட்டும்போது சுத்தியலால் வெளிவளையத்தில் அடித்தால் விசை குண்டுகள் வழியே போய்த் தடத்தில் குழி விழும். பேரிங்கை 110 டிகிரிக்குச் சூடேற்றினால் துளை சுமார் 24 மைக்ரான் விரிந்து, பெரும்பாலும் கையாலேயே ஏறிவிடும். தேய்ந்த ஷாஃப்டில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்குவது பல இடங்களில் நடக்கிறது. புள்ளிகளின் முனைகள் மட்டுமே வளையத்தைத் தாங்குகின்றன. அவை நசுங்கியதும் பழைய தளர்வு திரும்பிவிடும். வெல்டிங்கில் உலோகம் ஏற்றி மறுபடி கடைந்து கிரைண்ட் செய்வதுதான் சரியான வழி.