மாதம் 300 பார்சல் போகிறதா? கூரியரிடம் எதைப் பேச வேண்டும்

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் பெண் ஒருவரை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஆர்டர், ஜிபேயில் பணம், மாலையில் தெருமுனை கூரியர் கடையில் பார்சல் என்று தொழில் நடக்கிறது. மாதம் 40 பார்சல் அனுப்பியபோது கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்தார். மாதம் 300 ஆன பிறகும் அதே தொகையைத்தான் கொடுத்துவந்தார். யாரும் தானாக முன்வந்து ரேட்டைக் குறைக்கவில்லை. குறைக்கவும் மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். ஆனால் “கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே” என்று கேட்டால் பார்சலுக்கு இரண்டு ரூபாய் குறையும், அவ்வளவுதான். கணக்கோடு போய்க் கேட்பது வேறு.

அந்தக் கணக்கு பெட்டியிலிருந்து தொடங்குகிறது. உள்ளூர் கூரியர்கள் பெரும்பாலும் அரைக் கிலோ, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று அரைக் கிலோ படிகளாகத்தான் காசு வாங்குகிறார்கள். 510 கிராம் இருந்தாலும் ஒரு கிலோ கட்டணம்தான். இதற்கு மேல், பார்சல் அடைக்கும் இடத்துக்கும் ஓர் எடை போடுவார்கள். வால்யூமெட்ரிக் எடை என்பது அதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுப்பார்கள். தராசு காட்டும் எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

அவருடைய சேலை ஒன்று 420 கிராம். அழகாக இருக்கட்டும் என்று 30 × 22 × 8 அளவு அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார். பெருக்கினால் 5280, 5000-ஆல் வகுத்தால் 1.056 கிலோ. ஒரு கிலோவைத் தாண்டிவிட்டதால் பில் ஒன்றரைக் கிலோவுக்கு! அதே சேலையை மடித்து, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கூரியர் கவரில் போட்டால் 450 கிராம்கூட வராது. அரைக் கிலோ கட்டணத்தில் போய்விடும். எந்தக் கூரியர்காரரிடம் எவ்வளவு பேசினாலும் இந்த அளவுக்குச் சலுகை கிடைக்காது. அதனால் முதலில் பெட்டியை மாற்றிவிட்டுப் பேசப் போவதுதான் சரி. உடையும் பொருள் விற்பவர்களுக்குக் கவர் உதவாது. அவர்கள் பெட்டியின் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைய வழி உண்டா என்று பார்க்கலாம்.

அடுத்தது, கடந்த மூன்று மாத ரசீதுகளை எடுத்து இரண்டு விஷயங்களை மட்டும் எழுதுவது: எத்தனை பார்சல் எந்த எடைப் படியில் போனது, எத்தனை தமிழ்நாட்டுக்குள் போனது. பேசும்போது தீபாவளி மாதத்து எண்ணிக்கையைச் சொல்லிவிடாதீர்கள். ஆடி மாதம் எவ்வளவு போனதோ அதைச் சொல்லுங்கள். அதிகமாகச் சொல்லி ரேட் வாங்கிவிட்டு, மூன்றாம் மாதம் எண்ணிக்கை சரிந்தால் பழைய ரேட்டுக்கே திருப்பிவிடுவார்கள். “மாதம் இத்தனை கட்டாயம்” என்று கையெழுத்துப் போடுவதைவிட, 200-க்கு மேல் போனால் ஒரு ரேட், 400-க்கு மேல் போனால் இன்னொரு ரேட் என்று அந்தந்த மாத எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்குவது சிறு வியாபாரிக்குப் பாதுகாப்பு.

யாரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். தெருமுனைக் கடை பெரும்பாலும் ஃப்ரான்சைஸ். கம்பெனிக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில்தான் அவர் நமக்குக் குறைக்க முடியும். அவருக்கும் அதுதான் பிழைப்பு. அவரால் முடிந்தது முதல் அரைக் கிலோவில் சில ரூபாய், வீட்டுக்கு வந்து இலவச பிக்கப், மாதம் ஒருமுறை பில். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்த கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நேரடிக் கணக்கு கேட்க வேண்டும்.

அந்தச் சேலைக்காரர் இரண்டு இடங்களில் கேட்டார். முதல் கடைக்காரர், “அக்கா, அரைக் கிலோ 45 ரூபாய், இதுக்கு மேல குறைக்க முடியாது” என்றார். இரண்டாவது இடத்தில் 50 ரூபாய். யாராக இருந்தாலும் 45-க்குத்தான் சரி என்பார்கள். அவர் மேலும் இரண்டு கேள்வி கேட்டார்: கூடுதல் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் எவ்வளவு? எரிபொருள் சர்சார்ஜ் உண்டா?

முதல் இடத்தில் கூடுதல் அரைக் கிலோவுக்கு 35 ரூபாய், சர்சார்ஜ் 15 சதவீதம். இரண்டாவது இடத்தில் 25 ரூபாய், சர்சார்ஜ் இல்லை. அவருடைய 300 பார்சலில் 180 ஒற்றைச் சேலை, 90 இரட்டைச் சேலை, 30 மூன்று சேலை. அதாவது கூடுதல் அரைக் கிலோக்கள் மொத்தம் 150. கணக்கைப் புரிந்துகொள்ள எல்லாம் தமிழ்நாட்டுக்குள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் அடிப்படைத் தொகை 18,750 ரூபாய்தான்! ஆனால் முதல் இடத்தில் அதன்மேல் சர்சார்ஜ், பிறகு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 25,444 ரூபாய். இரண்டாவது இடத்தில் ஜிஎஸ்டி மட்டும் சேர்ந்து 22,125. ஐந்து ரூபாய் மலிவு என்று தெரிந்த ரேட் மாதம் 3,300 ரூபாய்க்கு மேல் அதிகம் வாங்குகிறது. “எல்லாம் சேர்த்து என் பார்சல்களுக்கு மாதம் எவ்வளவு?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிப் பேசலாம். பணம் முன்கூட்டியே வாங்கி அனுப்புபவர் கூரியருக்கு நல்ல வாடிக்கையாளர். வாசலில் காசு வசூலிக்கும் வேலை இல்லை, “வேண்டாம்” என்று திரும்பிவரும் பார்சலும் குறைவு. தினமும் ஒரே நேரத்தில், பின்கோடு அச்சிட்ட லேபிள் ஒட்டிய 10 பார்சல் தயாராக இருந்தால் பிக்கப் பையனுக்கு ஐந்து நிமிட வேலை. இதைச் சொன்னபோதுதான் இரண்டாவது இடத்தில் 50, 47 ஆனது. கேஷ் ஆன் டெலிவரி வைத்திருப்பவர்கள், திரும்பி வரும் பார்சலுக்கான கட்டணத்தையும் வசூலான பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் ரேட்டுக்கு முன்னால் பேசிவிடுங்கள். திரும்பிவரும் பார்சலுக்குப் போகும் கூலியோடு வரும் கூலியும் நம் தலையில்தான்.

பேசும்போது வேறு வழி ஒன்று கையில் இருப்பது நல்லது. ஷிப்ராக்கெட் போன்ற தளங்களில் பேரம் பேசாமலே ஒரு ரேட் திரையில் தெரியும். அதைவிட அதிகம் சொல்பவரிடம் அதைக் காட்டலாம். தபால் துறையும் ஸ்பீட் போஸ்ட்டில் மொத்தமாக அனுப்புபவர்களுக்குச் சலுகை தருகிறது. 2025 அக்டோபரில் கட்டணத்தை மாற்றியபோது புதிய மொத்த வாடிக்கையாளர்களுக்கு 5 சதவீதத் தள்ளுபடியும் அறிவித்தது. தனியார் கூரியர் எட்டாத கிராமத்துப் பின்கோடுகளை அதற்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குத் தனியாரிடம் பேசுவது நடைமுறைக்கு நன்றாக ஒத்துவரும்.

பேசி முடித்தவுடன் ரேட்டை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். எடைப்படி, கூடுதல் படி, வகுக்கும் எண், சர்சார்ஜ், எந்தத் தேதி வரை என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் கிடங்கில் இயந்திரம் வைத்து மறுபடி அளக்கின்றன. கவர் உப்பியிருந்தால் அடுத்த படிக்கு ஏற்றிவிடும். ஆட்சேபிக்கச் சில நாள்தான் கெடு இருக்கும் என்பதால், பார்சலைத் தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் மாத பில் வந்ததும் உங்கள் நோட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம்.